வரியில்லாப் பத்திரமா, வங்கி வைப்பா? வரிக்குப் பின் கையில் நிற்பதை வைத்து ஓர் ஒப்பீடு

“எட்டரை சதவீத வட்டி, அதற்கு வரியே கிடையாது” என்று ஒரு தரகர் சொல்லும்போது, அந்தச் சொற்றொடரின் இரு பகுதிகளும் தனித்தனியாக உண்மையாகவே இருக்கக்கூடும். பத்திரத்தில் எட்டரை சதவீதம் என்றுதான் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வட்டிக்கு வருமான வரி கிடையாது என்பதும் சரிதான். ஆனால் இன்று அதை வாங்குகிறவருக்கு எட்டரை சதவீதம் கிடைக்காது. அவருக்கு உண்மையில் கிடைக்கும் விகிதம் எவ்வளவு, அதே பணத்தை வரி விதிக்கப்படும் வங்கி வைப்பில் போட்டால் வரி போக எவ்வளவு மிஞ்சும் என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதவரை எது மேல் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டு எண்களைக் கணக்கிடுவதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், அதிலும் இரண்டாவது எண்ணில் மிக அதிகமாக.

முதலில் எந்தப் பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ஐ.ஆர்.எஃப்.சி., ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஹட்கோ, நபார்டு போன்ற மத்திய அரசு சார்ந்த நிறுவனங்கள், அந்தந்த ஆண்டில் அரசு கொடுத்த அனுமதியின்பேரில் 10, 15, 20 ஆண்டு காலத்துக்கு வெளியிட்டவையே வரியில்லாப் பத்திரங்கள். ஒவ்வொன்றின் முகமதிப்பு பெரும்பாலும் ₹1,000. வட்டி ஆண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்குக்கு வரும். 2015-16 நிதியாண்டோடு இவற்றின் புதிய வெளியீடுகள் நின்றுவிட்டன. ஆகவே இப்போது வேண்டும் என்கிறவர், டீமேட் கணக்கு வழியாகப் பங்குச் சந்தையில் இன்னொருவரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

இந்தப் பெயரோடு குழம்பும் வேறு சில திட்டங்கள் உண்டு. நிலமோ வீடோ விற்ற லாபத்துக்கு வரி தவிர்ப்பதற்காக வாங்கப்படும் மூலதன ஆதாயப் பத்திரங்களையும் இதே ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற நிறுவனங்கள்தான் வெளியிடுகின்றன. ஆனால் அவற்றின் வட்டிக்கு முழுமையாக வரி உண்டு. ஐந்தாண்டு ‘டாக்ஸ் சேவர்’ வைப்பின் வட்டிக்கும் வரி உண்டு. ரிசர்வ் வங்கி வழியாக விற்கப்படும் மத்திய அரசின் கடன் பத்திரங்கள், அரசே வெளியிடுவதால் வரியற்றவை என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கும் வரி உண்டு. பணம் போடும்போது கிடைக்கும் வரிச்சலுகை வேறு, வட்டிக்குக் கிடைக்கும் விலக்கு வேறு. நாம் இங்கே பேசுவது பின்னதை மட்டும்.

இனி முதல் எண்ணுக்கு வருவோம். முகமதிப்பு ₹1,000, வட்டி 8.5 சதவீதம், முதிர்வுக்குச் சரியாக நான்கு ஆண்டுகள் மீதமுள்ள ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் ₹85 வரியில்லாமல் தரும் ஒன்றை எவரும் ₹1,000-க்கு விற்க மாட்டார்கள். சந்தையில் அது ₹1,105-க்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் நான்கு முறை ₹85 பெறுவார். நான்காம் ஆண்டின் முடிவில் நிறுவனம் அவருக்குத் திருப்பித் தருவது ₹1,000 மட்டுமே. அதிகமாகக் கொடுத்த ₹105 போனது போனதுதான். அதை நான்கு ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ₹26 சொச்சம். ஆக ₹85-இல் உண்மையான வருமானம் ஏறத்தாழ ₹59. முதலீட்டின் சராசரி மதிப்பு, அதாவது 1,105-க்கும் 1,000-க்கும் நடுவிலுள்ள ₹1,052 ரூபாயால் அதை வகுத்தால் 5.6 சதவீதம் வருகிறது. இது தாளில் போடும் தோராயக் கணக்கு. துல்லியமாக, முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஈட்டு விகிதத்தை, சந்தையில் ‘ஒய்.டி.எம்.’ என்று சொல்லப்படுவதை, எக்செல் தாளில் கணக்கிட்டால் 5.5 சதவீதம் கிடைக்கும். எட்டரை என்று ஆரம்பித்தது ஐந்தரையில் வந்து நிற்கிறது. நடுவில் 85-ஐ 1,105-ஆல் வகுத்து “7.7 சதவீதம்” என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அது திரும்பி வராத ₹105-ஐ மறைத்துச் சொல்வது. ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டியது 5.5 மட்டுமே.

விலையைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பங்குச் சந்தையின் சாதாரணப் பிரிவில் இந்தப் பத்திரங்களின் விலைக்குள், கடைசி வட்டி நாளுக்குப் பிறகு சேர்ந்துகொண்டிருக்கும் வட்டியும் அடங்கியிருக்கும். வட்டி கொடுத்த மறுநாள் ₹1,105 மதிப்புள்ள பத்திரம் எட்டு ஒன்பது மாதம் கழித்து அதைவிட ஐம்பது அறுபது ரூபாய் அதிகமாகத் தெரிந்தால், விலை ஏறிவிட்டது என்று பொருளல்ல. அடுத்து வரவிருக்கும் வட்டியின் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. எனவே ஒய்.டி.எம். கணக்கிடும்போது வாங்கும் தேதியையும் அடுத்த வட்டித் தேதியையும் கொடுத்துக் கணக்கிட வேண்டும். மீதமுள்ள ஆண்டுகளை வெறுமனே முழு எண்ணாகப் போட்டால் விடை தவறிவிடும்.

இப்போது வங்கி வைப்பின் பக்கம். 6.8 சதவீதம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு வைப்பில் வட்டி காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேர்வதால், ஆண்டு விளைவு ஏறத்தாழ 6.98 சதவீதம் ஆகிறது. பத்திரத்தின் ஒய்.டி.எம். ஆண்டுக் கணக்கில் இருப்பதால் வைப்பையும் ஆண்டுக் கணக்கிலேயே எடுக்க வேண்டும். எளிமைக்காக 7 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். முதிர்வில் மொத்தமாகப் பணம் வாங்கும் வைப்பாக இருந்தாலும் வட்டி ஆண்டுதோறும் சேர்வதாகக் கொள்ளப்பட்டு அந்தந்த ஆண்டிலேயே வரிக் கணக்கில் வருகிறது. வங்கியும் அப்படியே டி.டி.எஸ். பிடிக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வங்கி பிடிக்கும் 10 சதவீதம் முன்பணம்தான், உங்கள் வரி அதோடு முடிந்துவிடுவதில்லை. அந்தப் பத்தைக் கழித்துவிட்டு “7-இல் 6.3 மிஞ்சுகிறது” என்று கணக்கிடுகிறவர், தன் உண்மையான வரி விகிதம் பத்தாக இருந்தால் ஒழிய, தவறான எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒப்பிடும் சூத்திரம் மிக எளியது. வைப்பின் வட்டி விகிதத்தை (1 – வரி விகிதம்) என்பதால் பெருக்கினால் வரிக்குப் பின் மிஞ்சுவது தெரியும். அதைத் திருப்பிப் போட்டு, பத்திரத்தின் விகிதத்தை (1 – வரி விகிதம்) என்பதால் வகுத்தால், அந்தப் பத்திரத்துக்கு ஈடு கொடுக்க வைப்பு எவ்வளவு வட்டி தர வேண்டும் என்று தெரியும். இரண்டையும்விடப் பயனுள்ளது மூன்றாவது வடிவம்:

```
சமநிலை வரி விகிதம் = 1 – (வரியில்லா விகிதம் ÷ வரியுள்ள விகிதம்)
                   = 1 – (5.5 ÷ 7) = 21.4%
```

அதாவது வைப்பு வட்டியில் வரியாகப் போவது 21.4 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வைப்பு மேல். கூடுதலாக இருந்தால் பத்திரம் மேல். சந்தையில் விலையோ வங்கியில் வட்டியோ மாறும்போது இந்த ஒரே எண்ணை மீண்டும் கணக்கிட்டால் போதும்.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் ₹4 லட்சம் வரை வரியில்லை. அதன்பின் ஒவ்வொரு நான்கு லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று விகிதம் ஏறி, ₹24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் ஆகிறது. இவற்றின் மீது 4 சதவீத செஸ் சேரும். எனவே 20 சதவீத அடுக்கில் இருப்பவரின் உண்மையான விகிதம் 20.8, அவருக்கு வைப்பில் மிஞ்சுவது 5.54 சதவீதம், பத்திரத்தில் 5.5. கிட்டத்தட்டச் சமம், இந்த வித்தியாசத்துக்காக அலைய வேண்டியதில்லை. 25 சதவீத அடுக்கில் வைப்பு 5.18-க்கு இறங்கிவிடுகிறது. 30 சதவீத அடுக்கில், அதாவது செஸ்ஸோடு 31.2-இல், மிஞ்சுவது 4.82 மட்டுமே, ₹20 லட்சம் முதலீட்டில் பத்திரம் ஆண்டுக்கு ஏறத்தாழ ₹13,700 அதிகமாகத் தரும். அவருக்கு ஈடு கொடுக்க வேண்டுமானால் வங்கி 8 சதவீதம் தர வேண்டும். ₹2 கோடிக்கு மேல் வருமானமும் அதற்கான சர்சார்ஜும் சேர்ந்து 39 சதவீதம் வரி கட்டுகிறவருக்கு வங்கி 9 சதவீதம் தர வேண்டியிருக்கும். மறுபக்கம், 15 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வைப்பு 5.91 தருகிறது, அவருக்கு வரியில்லாப் பத்திரம் நஷ்டம்.

இந்த அடுக்குகள் நிலையானவை அல்ல என்பதற்கு 2025-26 ஒரு நல்ல உதாரணம். அதற்கு முந்தைய ஆண்டு புதிய முறையில் ₹15 லட்சத்துக்கு மேலேயே 30 சதவீதம் தொடங்கியது. நிகர வருமானம் ₹18 லட்சம் உள்ள ஒருவர் அப்போது வரியில்லாப் பத்திரம் வாங்கியது சரியான முடிவு. அடுத்த ஆண்டே அவர் 20 சதவீத அடுக்குக்கு இறங்கிவிட்டதால் அதே பத்திரம் அவருக்கு வெறும் சமநிலைக்கு வந்துவிட்டது. பத்திரத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது அவருடைய வரி விகிதம். பழைய முறையில் தொடர்பவர்களுக்கு ₹10 லட்சத்துக்கு மேலேயே 31.2 சதவீதம் என்பதால் பத்திரத்தின் கவர்ச்சி அதிகம்; ஆனால் அங்கே மூத்த குடிமக்களுக்கு வைப்பு வட்டியில் ₹50,000 வரை கழிவு உண்டு என்பதால் அந்த அளவுக்கான வைப்பை முதலில் வைத்துக்கொண்டு, மீதிக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகக் கணக்கு. இதில் ‘வரி விகிதம்’ என்ற இடத்தில் அட்டவணையில் உள்ள அடுக்கை அப்படியே எடுத்துப் போடுவதுதான் நான் முதலில் குறிப்பிட்ட பெரிய தவறு. அந்த இடத்தில் வர வேண்டியது, இந்தக் கூடுதல் வட்டியால் உங்கள் மொத்த வரி எவ்வளவு கூடுகிறது, அதை வட்டித் தொகையால் வகுத்தால் என்ன வருகிறது என்பதே. சம்பளம் ₹30 லட்சம் வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஓய்வூதியர்களுக்கு அப்படியல்ல, காரணம் ₹12 லட்சம் என்ற எல்லை.

புதிய முறையில் மொத்த வருமானம் ₹12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், அடுக்குப்படி வரும் ₹60,000 வரை வரி முழுவதும் தள்ளுபடியாகிறது. தாண்டினால் தள்ளுபடி இல்லை. ஒரு ரூபாய் தாண்டியதற்காக ₹60,000 கட்ட நேராமலிருக்க, எல்லையைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது என்ற விளிம்பு நிவாரணமும் உண்டு. இதன் விளைவு விசித்திரமானது. ₹12 லட்சத்திலிருந்து ஏறத்தாழ ₹12,70,600 வரையிலான பகுதியில் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் முழுவதுமாக வரியாகப் போய்விடுகிறது. செஸ்ஸைச் சேர்த்தால் ஒரு ரூபாய் சம்பாதித்து ஒரு ரூபாய் நான்கு பைசா கட்டுகிறோம். வரி அட்டவணையில் இப்படி ஓர் அடுக்கு எழுதப்பட்டிருக்காது. ஆனால் சட்டத்தின் விதிகள் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. வரியில்லாப் பத்திரத்தின் வட்டியோ மொத்த வருமானத்தில் சேர்க்கப்படுவதே இல்லை. ஆகவே ₹12 லட்சம் என்ற எல்லையை அது தொடுவதில்லை.

கையில் ₹20 லட்சம் வைத்திருக்கும், அறுபதைக் கடந்த மூன்று ஓய்வூதியர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்கு ₹75,000 நிலைக் கழிவுக்குப் பின் ஓய்வூதியம் ₹10 லட்சம். முழுத் தொகையையும் வைப்பில் போட்டால் வட்டி ₹1,40,000, மொத்தம் ₹11.4 லட்சம். எல்லைக்குள் இருப்பதால் வரி பூஜ்யம். அட்டவணைப்படி அவர் 10 சதவீத அடுக்கில் இருக்கிறார், ஆனால் வட்டிக்கு அவர் கட்டும் வரி எதுவுமில்லை. அவருக்கு வைப்பில் 7, பத்திரத்தில் 5.5, வரியில்லை என்ற சொல்லில் மயங்கிப் பத்திரம் வாங்கினால் ஆண்டுக்கு ₹30,000 இழப்பார். வரி கட்டாதவருக்கு வரிவிலக்கை விற்பது என்பது இதுதான்.

இரண்டாமவருக்கு நிலைக் கழிவுக்குப் பின் ₹11.6 லட்சம். ஓய்வூதியம் மட்டுமிருந்தால் வரி இல்லை. வைப்பு வட்டி ₹1,40,000 சேர்ந்தால் மொத்தம் ₹13 லட்சம். வரி ₹75,000, செஸ்ஸோடு ₹78,000. ₹1,40,000 வட்டிக்காக அவர் புதிதாகக் கட்ட நேர்ந்தது ₹78,000, அதாவது 55.7 சதவீதம். மிஞ்சியது ₹62,000, முதலீட்டில் 3.1 சதவீதம். பத்திரத்தில் போட்டிருந்தால் 5.5 சதவீதக் கணக்கில் ₹1,10,000 முழுதாக அவருடையது. ஆண்டுக்கு ₹48,000 வித்தியாசம். 39 சதவீதம் கட்டும் கோடீஸ்வரரைவிட இவருக்குத்தான் வரியில்லாப் பத்திரத்தின் தேவை அதிகம் என்பதை அடுக்கு அட்டவணையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அட்டவணையை நம்பியிருந்தால் இவருக்கு 15.6 சதவீதம் என்று வைத்து வைப்பே மேல் என்று முடிவு செய்திருப்போம்.

மூன்றாமவருக்கு நிலைக் கழிவுக்குப் பின்னரே ₹13 லட்சம். வட்டி இல்லாமலேயே அவர் ₹75,000 வரியும் செஸ்ஸும் கட்டிக்கொண்டிருக்கிறார்; தள்ளுபடியை ஏற்கெனவே இழந்துவிட்டார். வைப்பு வட்டி சேர்ந்து ₹14.4 லட்சம் ஆகும்போது அவருக்குக் கூடும் வரி செஸ்ஸோடு ₹21,840, அதாவது வட்டியில் 15.6 சதவீதம்தான். வைப்பில் மிஞ்சுவது ₹1,18,160, பத்திரத்தில் ₹1,10,000. மீண்டும் வைப்பு வென்றுவிட்டது. ஆக, வருமானம் ஏற ஏற வரியில்லாப் பத்திரம் மெல்ல மெல்ல இலாபமாகிறது என்ற பொதுவான எண்ணம் இங்கே பொய்க்கிறது. எல்லைக்குக் கீழே நிறைய இடம் இருந்தால் வைப்பு, எல்லையை ஒட்டி நின்றால் பத்திரம், எல்லையைத் தாண்டிச் சென்றுவிட்டால் மறுபடி வைப்பு, ₹20 லட்சத்துக்கு மேல் போனால் மறுபடி பத்திரம். இதை அறிய ஒரே வழி, வட்டி இல்லாமல் ஒருமுறை, வட்டியோடு ஒருமுறை என்று வருமான வரித்துறையின் இணையக் கணிப்பானில் மொத்த வரியை இரண்டு தடவை கணக்கிட்டு வித்தியாசத்தைப் பார்ப்பதுதான். பத்து நிமிட வேலை.

பத்திரத்தைத் தேர்ந்தெடுத்தவர் அடுத்துச் செய்யும் தவறு, வரும் பணத்தையெல்லாம் வருமானம் என்று செலவழிப்பது. ₹1,105 விலையில் ₹20 லட்சத்துக்கு 1,809 பத்திரங்கள் கிடைக்கும். ஆண்டுதோறும் வங்கிக்கு வருவது ₹1,53,765. இதில் உண்மையான ஈட்டம் முதல் ஆண்டில் ₹1,10,000. மீதி ₹44,000 அவருடைய சொந்த அசல் தவணையாகத் திரும்பி வருவது. நான்காம் ஆண்டு முடிவில் கைக்கு வருவது ₹18,09,000 மட்டுமே, ₹1,90,000 குறைந்திருக்கும். ஆண்டுக்கு அந்த ₹44,000-ஐ ஒதுக்கி வைத்து வட்டிக்கு விட்டால் அசல் மீண்டும் நிரம்பும், செலவழித்தால் நிரம்பாது. இந்த ₹1,90,000 வரிக் கணக்கில் நீண்டகால மூலதன இழப்பு. வேறு நீண்டகால மூலதன லாபம் இருந்தால் அதில் கழிக்கலாம், ஓய்வூதியத்திலோ வட்டியிலோ கழிக்க முடியாது. பெரும்பாலான ஓய்வூதியர்களுக்கு அப்படி லாபம் இருப்பதில்லை என்பதால் ஒப்பீட்டில் இதை நான் சேர்க்கவில்லை.

சந்தையில் வாங்குவதன் செலவும் கொஞ்சம் உண்டு. தரகும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து அரை சதவீதம் ஆனால், நான்கு ஆண்டுப் பத்திரத்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 0.15 சதவீதத்தைத் தின்றுவிடும். 20 சதவீத அடுக்கில் இருந்த சமநிலையை வைப்பின் பக்கம் சாய்க்க இது போதும். பல வரிசைகளில் ஒரு நாளில் கைமாறுவது சில நூறு பத்திரங்கள்தான். ‘மார்க்கெட் ஆர்டர்’ போட்டால் பத்து இருபது ரூபாய் கூடுதல் விலைக்கு வாங்க நேரும். விலை வரம்பு வைத்துச் சில நாள் காத்திருப்பதே சரி. சில பழைய வரிசைகளில் சிறு முதலீட்டாளருக்கென்று முதலில் தரப்பட்ட கூடுதல் வட்டி, பத்திரம் கைமாறியதும் நின்றுவிடும். ஆகவே பத்திரத்தின் பெயரில் தெரியும் வட்டியை நம்பாமல் வெளியீட்டு ஆவணத்தில் வாங்குபவருக்கு உரிய வட்டி எது என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, வங்கி வைப்புக்குக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு ₹5 லட்சம் வரை; பத்திரத்துக்குக் காப்பீடு இல்லை, மத்திய அரசின் கையிலுள்ள நிறுவனம் என்பதே அதன் பலம். இதில் எனக்குப் பெரிய ஏற்றத்தாழ்வு தெரியவில்லை.

வைப்பையும் பத்திரத்தையும் மட்டுமே ஒப்பிடுவதும் முழுமையாகாது. பி.பி.எஃப். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம் தருகிறது, வட்டிக்கு வரி இல்லை, 31.2 சதவீதம் கட்டுகிறவருக்கு இது 10.3 சதவீத வைப்புக்குச் சமம். ஆண்டுக்கு ₹1.5 லட்சம் என்ற வரம்புதான் தடை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் கணக்கை மூடி வைப்பில் போடுகிறவர்கள், புதிய பணம் போடாமலேயே அதை ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை தேவையான தொகையை எடுத்துக்கொள்ளலாம் என்பதை அறியாமல், வரியில்லாத 7.1-ஐ வரி விதிக்கப்படும் 7-க்கு மாற்றிக்கொள்கிறார்கள். மறுபுறம், அறுபது கடந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2025-26-இல் 8.2 சதவீதம் தந்தது, வரி உண்டு. 31.2 சதவீத அடுக்கிலும் அது வரி போக 5.64 மிஞ்சுவதால் நம் பத்திரத்தைவிடச் சற்று மேல். ₹30 லட்சம் வரை இடமுண்டு. உயர் அடுக்கிலிருக்கும் மூத்த குடிமக்களிடம் வரியில்லாப் பத்திரம் விற்பவர்கள் இந்த ஒப்பீட்டைக் காட்டுவதில்லை. வரியைத் தவிர்க்க மனைவி பெயரில் வைப்புப் போடுவது உதவாது. கணவன் கொடுத்த பணத்துக்கு வரும் வட்டி கணவன் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும்.

இனி அந்த இரண்டாமவரிடம் திரும்புவோம். மூவரில் அவருடைய முடிவுதான் சிக்கலானது. முழுவதும் பத்திரம் என்பதுகூட அவருக்குச் சிறந்த விடையல்ல. எல்லைக்குக் கீழே அவருக்கு ₹40,000 இடம் இருக்கிறது. அந்த அளவுக்கான வட்டிக்கு வரி பூஜ்யம். ₹5.7 லட்சத்தை வைப்பில் போட்டால் ₹39,900 வரும், மீதி ₹14.3 லட்சத்தைப் பத்திரத்தில் போட்டால் ₹78,650. மொத்தம் ₹1,18,550, வரி எதுவுமில்லை. முழுவதும் வைப்பில் மிஞ்சிய ₹62,000-ஐப்போல இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சேமிப்புக் கணக்கின் வட்டியும் அந்த ₹40,000-க்குள் அடங்க வேண்டும் என்பதால் சில ஆயிரங்களைக் குறைத்தே போடுவது நல்லது.

அந்த இடத்தை வைப்புக்குப் பதிலாக மூத்த குடிமக்கள் திட்டத்தால் நிரப்பினால் இன்னும் கூடும்: ₹4.87 லட்சத்துக்கு ₹39,900, மீதி ₹15.13 லட்சம் பத்திரத்தில் ₹83,200, மொத்தம் ₹1,23,100. ஆண்டுக்கு ₹4,600 அதிகம். ஆனாலும் நான் அவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய அகவிலை நிவாரணம் ஜனவரியிலும் ஜூலையிலும் உயர்கிறது; இரண்டு மூன்று உயர்வுகளில் ஓய்வூதியம் மட்டுமே ₹12 லட்சத்தைத் தொட்டுவிடும். அப்போது அந்த ₹40,000 இடம் மறைந்து, வரும் வட்டி முழுவதும் விளிம்பு நிவாரணப் பகுதிக்குள் விழுந்து வரியாகவே போய்விடும். ஓராண்டு வைப்பாக இருந்தால் முதிர்ந்ததும் பத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மூத்த குடிமக்கள் திட்டம் ஐந்தாண்டுக் கட்டு. ஓராண்டுக்குப் பின், இரண்டாண்டுக்குள் மூடினால் அசலில் ஒன்றரை சதவீதம், இவர் போட்ட தொகைக்கு ₹7,305, பிடித்துக்கொள்வார்கள். கூடுதலாகக் கிடைத்த ₹4,600 அதோடு போய்விடும். அதன்பின் ஓய்வூதியம் இன்னும் உயர்ந்து ₹12.7 லட்சத்தைத் தாண்டிவிட்டால் அவர் மூன்றாமவரின் நிலைக்கு வந்துவிடுவார். அப்போது கையிலுள்ள பத்திரங்கள் வைப்பைவிட ஆண்டுக்கு 0.4 சதவீதம் குறைவாகத் தரும். அந்தச் சிறு வித்தியாசத்துக்காக அவற்றை விற்க வேண்டியதில்லை. முதிரும்வரை வைத்திருந்து, திரும்பி வரும் பணத்தை வைப்புக்கோ, அதற்குள் நிலைத்துவிட்ட வருமானத்தை வைத்து மூத்த குடிமக்கள் திட்டத்துக்கோ கொண்டுபோகலாம்.